கச்சான் காற்று வினாவும் அதன் புள்ளித்திட்டமும்

கேள்வி: கல்முனைப் பக்கத்தில் மூன்று பாடசாலைகள் சேர்ந்து தவணைப் பரீட்சைக்கான விஞ்ஞான வினாத்தாளைத் தயாரித்தோம். குறுவிடைகளுக்கு மாதிரி விடையும் கொடுத்திருந்தோம். ஆனாலும் ஏறக்குறைய ஒரே விடைக்கு ஒருவர் 2 புள்ளியும் இன்னொருவர் 0 புள்ளியும் போடுகிறார். திறவுச்சொற்களையும் ஏற்கத்தக்க ஒத்த சொற்களையும் எப்படி எழுதினால் எல்லோரும் ஒரே மாதிரித் திருத்தலாம்?

பதில்:

மாதிரி விடை ஒரு முழு வாக்கியமாக இருக்கும்போதே இந்தச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. அந்த வாக்கியத்தில் எந்தப் பகுதி முதற்புள்ளிக்கு உரியது, எந்தப் பகுதி இரண்டாவது புள்ளிக்கு உரியது, எந்தச் சொல் அழகுக்காக மட்டும் வந்தது என்பதை வாக்கியம் சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு ஆசிரியரும் அதைத் தம் மனத்துக்குள் வெவ்வேறு விதமாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் கண்டிப்பானவர், மற்றவர் இளகிய மனத்தவர் என்று நாம் நினைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இருவரும் ஒரே அளவு கண்டிப்புடன் இரண்டு வெவ்வேறு திட்டங்களைப் பின்பற்றிக்கொண்டிருப்பார்கள்.

மட்டக்களப்பில் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து திருத்திய ஒரு வினாவை எடுத்துக்கொள்கிறேன். ஒரு திட்டம் எங்கே உடைகிறது, எப்படிச் சரிசெய்யப்படுகிறது என்பதை அந்த ஒன்றிலேயே காட்ட முடியும்.

வினா இதுதான்: "கச்சான் காற்று வீசும் நாட்களில் தாவரங்களின் ஆவியுயிர்ப்பு வீதம் அதிகரிப்பது ஏன்? (2 புள்ளி)." மாதிரி விடையாக எழுதப்பட்டிருந்தது: "காற்று வீசும்போது இலையைச் சூழவுள்ள நீராவி அகற்றப்படுவதால் இலையின் உள்ளும் வெளியும் உள்ள நீராவிச் செறிவு வித்தியாசம் அதிகரித்துப் பரவல் விரைவாக நடைபெறும்."

விஞ்ஞான ரீதியில் இவ்விடையில் பிழை இல்லை. பிழை வினாவில் இருந்தது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் நம் பகுதியில் வீசும் கச்சான், வேகமான காற்று மட்டுமன்று, வறண்டது, வெப்பமானதும்கூட. "கச்சான் சூடானது, அதனால் இலையிலுள்ள நீர் விரைவாக ஆவியாகி வெளியேறும்" என்று எழுதிய பிள்ளை உண்மையைத்தான் எழுதியிருந்தது. "கச்சானில் ஈரப்பதன் குறைவு" என்று எழுதிய பிள்ளையும் அப்படியே. வினாவை எழுதியவரின் மனத்தில் இருந்ததோ காற்றோட்டம் ஒன்று மட்டுமே. இத்தகைய வினாவுக்கு எத்தனை ஒத்த சொற்களைப் பட்டியலிட்டாலும் பயன் இல்லை. ஏனெனில் பிள்ளைகள் எழுதியவை ஒத்த சொற்கள் அல்ல, வேறு சரியான காரணங்கள். திறவுச்சொற்களை எழுத உட்காரும் முன்னர், வினாவை மாத்திரம் வாசித்துவிட்டு மாதிரி விடையைப் பாராமல் சக ஆசிரியர் ஒருவரை விடை எழுதச் சொல்லுங்கள். அவர் நீங்கள் நினையாத காரணம் ஒன்றை எழுதினால், திருத்த வேண்டியது வினாவையே. "வெப்பநிலையும் காற்றின் ஈரப்பதனும் மாறாதிருக்கையில், காற்றோட்டம் அதிகரிக்கும்போது ஆவியுயிர்ப்பு வீதம் அதிகரிப்பதற்கான காரணத்தை விளக்குக" என்று எழுதியிருந்தால் விடைப்பரப்பு ஒன்றாகச் சுருங்கியிருக்கும்.

பரீட்சை நடந்து முடிந்த பின்னர் இக்குறை தெரியவந்தால் வினாவை மாற்ற இயலாது. அப்போது திட்டத்தை விரிப்பதே நியாயமான வழி: வெப்பநிலை பற்றிய காரணத்துக்கும் வறட்சி பற்றிய காரணத்துக்கும் தனித்தனிப் புள்ளிக்கூறுகள் எழுதி, "எவையேனும் இரண்டு, உச்சம் 2 புள்ளி" என்று குறித்து, அது எல்லாப் பாடசாலை விடைத்தாள்களுக்கும் பொருந்துவதை உறுதிசெய்ய வேண்டும். ஓர் ஆசிரியர் தம் கட்டில் மட்டும் இரக்கப்பட்டு ஏற்றுக்கொள்வது மற்ற இரு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அநீதியாகும்.

திருத்திய வினாவுக்கு இனித் திட்டத்தை எழுதுவோம். நான் வலியுறுத்துவது இதை: புள்ளிக்கு உரியது சொல் அன்று, ஒரு சிறு கூற்று. எதைப் பற்றி, எங்கே, என்ன நிகழ்கிறது என்ற மூன்றும் சேர்ந்ததே அக்கூற்று. "நீராவி" என்ற சொல்லையோ "செறிவு" என்ற சொல்லையோ தனியாகத் திறவுச்சொல் என்று எழுதினால், அச்சொல் தாளில் கண்ணில் பட்டவுடன் புள்ளி போடும் பழக்கம் வந்துவிடும். "செறிவு அதிகரிக்கும்", "செறிவு குறையும்", "செறிவு வித்தியாசம் குறையும்" ஆகிய மூன்றிலும் செறிவு என்ற சொல் இருக்கிறது. ஆயினும் எங்கே, எந்தத் திசையில் என்று தெரியாதவரை முதல் இரண்டையும் சரியென்றோ பிழையென்றோ சொல்ல முடியாது. மூன்றாவதோ நேரே பிழை. ஆதலால் நாங்கள் எழுதிய வடிவம் இது:

கூறு 1 (1 புள்ளி): இலையை அண்டியுள்ள நீராவி, காற்றினால் அகற்றப்படல்.
ஏற்க: இலைவாய்க்கு அருகே / இலை மேற்பரப்பில் / இலையைச் சுற்றி; ஈரமான காற்று / ஈரப்பதன் கூடிய காற்று / நீராவிப் படை; நீங்கும் / விலகும் / அடித்துச் செல்லப்படும் / கொண்டுசெல்லப்படும் / போய்விடும்.
மறுக்க: காற்று இலையிலுள்ள நீரை உறிஞ்சும், இலையிலிருந்து நீர் அகற்றப்படும்.

கூறு 2 (1 புள்ளி): இலையின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான நீராவிச் செறிவு வித்தியாசம் அதிகரித்தல்.
ஏற்க: செறிவுப் படித்திறன் கூடும், வெளியே நீராவி குறைவு, வெளியே உள்ளதைவிட உள்ளே நீராவி அதிகம், இலைக்கு வெளியே ஈரப்பதன் குறையும்.
மறுக்க: இடம் கூறாமல் செறிவு குறையும் / கூடும் என்பது; வெப்பநிலை பற்றிய கூற்று.
பொருட்படுத்தற்க: நீர் விரைவாக வெளியேறும்.

கூறு 1 இல்லாமலும் கூறு 2 க்குப் புள்ளி வழங்கலாம். ஒரே சொற்றொடருக்கு இரு கூறுகளிலும் புள்ளி வழங்கற்க.

இதில் சாய்கோடும் அரைப்புள்ளியும் சும்மா இடப்பட்டவை அல்ல. சாய்கோடு, ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரலாம் என்பதைக் காட்டுகிறது. அரைப்புள்ளி ஒரு தொகுதியை அடுத்த தொகுதியிலிருந்து பிரிக்கிறது. கூறு 1 இல் இடத்தைச் சொல்லும் தொகுதி, பொருளைச் சொல்லும் தொகுதி, நிகழ்வைச் சொல்லும் தொகுதி என்று மூன்று உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஏதாவது ஒன்று விடையில் இருக்க வேண்டும். கூறு 2 இலோ ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையான மாற்று விடை. இந்த வேறுபாட்டைத் திருத்துவோர் எல்லோருக்கும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பரீட்சைகளின் புள்ளித்திட்டங்களிலும் குறியீடுகளுக்கான விளக்கம் தொடக்கத்திலேயே கொடுக்கப்படுவது இதற்காகத்தான்.

ஏற்கத்தக்கவற்றை எழுதுவதில் காட்டும் அக்கறையை நம்மில் பலர் மறுக்கத்தக்கவற்றில் காட்டுவதில்லை. என் அனுபவத்தில் ஆசிரியர்களிடையே வேறுபாடு அதிகமாக எழுவது அங்கேதான். முற்றிலும் பிழையான விடையை எல்லோரும் பிழை என்கிறார்கள், முற்றிலும் சரியானதை எல்லோரும் சரி என்கிறார்கள். நடுவில் நிற்கும் விடைகளுக்கு எழுத்தில் தீர்ப்பு இல்லாவிட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு பிறக்கும். "மறுக்க" என்பதும் "பொருட்படுத்தற்க" என்பதும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்கவும். "நீர் விரைவாக வெளியேறும்" என்பது வினாவில் கொடுக்கப்பட்டதைத் திருப்பிச் சொல்வது. அதற்குப் புள்ளி இல்லை, ஆனால் அது இருப்பதால் மற்றப் புள்ளி பறிபோகவும் கூடாது. "காற்று இலையிலுள்ள நீரை உறிஞ்சும்" என்பது பிழையான விளக்கம். அது கூறு 1 க்குரிய சரியான கூற்றோடு சேர்ந்து வந்தால், அவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பதால், அந்தக் கூறுக்கான புள்ளி வழங்கப்படாது என்று நாங்கள் முடிவுசெய்தோம். வேறு குழு வேறு முடிவுக்கு வரலாம். முடிவு எதுவாயினும் திருத்தத் தொடங்கும் முன்னர் எழுத்தில் இருக்க வேண்டும்.

இப்போது நான்கு விடைகளைத் திட்டத்தோடு பொருத்திப் பார்ப்போம்.

முதல் விடை: "காத்து வீசக்குள்ள இலையச் சுத்தி இருந்த ஈரக்காத்து போயிரும்." பேச்சுத்தமிழில் எழுதப்பட்டிருக்கிறது, மொழிப்பாட ஆசிரியர் பார்த்தால் வருந்துவார். ஆனால் இடம் உண்டு, பொருள் உண்டு, நிகழ்வும் உண்டு. கூறு 1 க்கு முழுப் புள்ளி. இரண்டாவது கூறு இல்லை. ஆகவே 1. விஞ்ஞான வினாவில் பேச்சுவழக்குக்காகப் புள்ளி குறைக்கப்படாது என்று திட்டத்தின் தலைப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

இரண்டாவது விடை: "வெளியே நீராவி குறைந்துபோவதால் உள்ளேயிருந்து கூடுதலாக வரும்." முதற்பாதி கூறு 2 க்கு உரியது. காற்று எதையாவது அகற்றியது என்று எங்கும் சொல்லப்படவில்லை. "குறைந்துபோவதால்" என்பதையே கூறு 1 ஆகவும் எடுத்துக்கொண்டால் ஒரே சொற்றொடருக்கு இரண்டு புள்ளி கொடுத்ததாகிவிடும். ஆகவே 1.

மூன்றாவது விடைதான் எங்களைப் பிரித்தது: "காற்றினால் நீர் அடித்துச் செல்லப்பட்டு செறிவு குறையும்." ஒருவர் இதற்கு 2 புள்ளியும் இன்னொருவர் 0 புள்ளியும் போட்டிருந்தார்கள். இரண்டு போட்டவர் "அடித்துச் செல்லப்பட்டு", "செறிவு" ஆகிய சொற்களைக் கண்டு, இடைவெளிகளைத் தம் அறிவினால் நிரப்பிக்கொண்டார். பூச்சியம் போட்டவர் நீர் வேறு, நீராவி வேறு என்று நின்றார். திட்டப்படி பார்த்தால், நீர் எங்கிருந்து அடித்துச் செல்லப்பட்டது என்பது இல்லை. எங்குள்ள செறிவு குறையும் என்பதும் இல்லை. எனவே 0. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இதே வாக்கியத்தை, இலைக்குள் இருந்த நீர் காற்றினால் இழுக்கப்பட்டு இலையின் செறிவு குறைகிறது என்று பிழையாக விளங்கிக்கொண்ட பிள்ளையும் எழுதியிருக்கலாம் அல்லவா? அதே கட்டில் "இலைக்கு வெளியே இருந்த நீர் அடித்துச் செல்லப்படும்" என்றும் ஒரு விடை இருந்தது. அங்கே இடம் தெளிவு, பிழையான விளக்கத்துக்கு வழி இல்லை. ஆகவே "இலைக்கு வெளியே என்ற பொருள் தெளிவாக இருந்தால் நீராவிக்குப் பதில் நீர் என்பதை ஏற்க" என்ற வரியைத் திட்டத்தில் சேர்த்தோம். ஒத்த சொல்லை ஏற்பதற்கு நான் வைக்கும் சோதனை இதுவே: அச்சொல்லை வைத்து எழுதிய வாக்கியத்தை, அப்பாடத்தைப் பிழையாக விளங்கிய பிள்ளையும் எழுதியிருக்க முடியுமா? முடியுமென்றால் அச்சொல் தனியே போதாது; அதனுடன் வேறொரு சொல்லையும் கேட்க வேண்டும்.

நான்காவது விடை: "இலைத்துளைக்கு அருகில் உள்ள நீராவி நீக்கப்பட்டு செறிவு வேறுபாடு கூடுவதால் நீராவிப்போக்கு அதிகரிக்கும்." நம் பாடநூலில் இலைவாய், ஆவியுயிர்ப்பு என்று படிப்பிக்கிறோம், இலைத்துளை, நீராவிப்போக்கு என்பவை தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. இப்போது பிள்ளைகள் இணையக் காணொளிகளில் படிப்பதால் இச்சொற்கள் விடைத்தாள்களில் வந்துகொண்டேயிருக்கின்றன. இங்கே பொருள் சற்றும் மாறவில்லை, 2 புள்ளி. சரியான சொல்லைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொடுத்தால் பிள்ளை அடுத்த முறை திருத்திக்கொள்ளும்.

ஆனால் இந்திய வழக்குச் சொற்கள் எல்லாவற்றையும் ஏற்கலாம் என்று பொதுவிதி எழுதிவிட வேண்டாம் என்று மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரே சொல் இரு கரையிலும் இரு பொருள் தருவது உண்டு. நாம் திணிவு என்பதை அங்கே நிறை என்கிறார்கள். நாம் நிறை என்பதை அங்கே எடை என்கிறார்கள். "கிலோகிராமில் அளக்கப்படும் கணியம் யாது?" என்ற வினாவுக்கு ஒரு பிள்ளை "நிறை" என்று எழுதினால், தமிழ்நாட்டுப் பாடநூலின்படி அது சரி. நம் பாடநூலின்படி நிறை என்பது நியூற்றனில் அளக்கப்படும் விசை, எனவே பிழை. இவ்வினா சோதிப்பதே திணிவுக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். எனவே இங்கே மறுக்க வேண்டும், அம்மறுப்பைத் திட்டத்தில் வெளிப்படையாக எழுதவும் வேண்டும். அழுத்தம் என்ற சொல்லும் அப்படியே. திரவம் பற்றிய வினாவில் அமுக்கம் என்பதற்குப் பதிலாக அழுத்தம் என்று வந்தால், அங்கே வேறு பொருளுக்கு இடமில்லாததால் ஏற்கலாம். ஆனால் நம் வழக்கில் அழுத்த சக்தி, மின்னழுத்தம் என்று அச்சொல்லுக்கு வேறு வேலை இருப்பதால், கணியத்தின் பெயரையே கேட்கும் வினாவில் அதை யோசிக்காமல் ஏற்கக் கூடாது. ஒரு சொல் ஏற்கத்தக்கதா என்பதை அகராதி தீர்மானிப்பதில்லை. அந்த வினா எதைச் சோதிக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. அதனால் ஏற்கும் சொற்பட்டியலை வினாத்தாள் முழுவதற்கும் பொதுவாக எழுதாமல் வினாவுக்கு வினா எழுத வேண்டியிருக்கிறது.

எழுத்துப்பிழைக்கும் ஏறக்குறைய இதே விதியைப் பயன்படுத்தலாம். வாசித்தால் உரிய சொல் என்று தெரிந்து, வேறொரு பாடச்சொல்லாக மாறாமல் இருந்தால் ஏற்கலாம். "ஆவியுயிப்பு" என்பதை ஏற்கலாம். "ஆவியாதல்" என்பது எழுத்துப்பிழை அன்று, வேறு செயன்முறை. செயன்முறையின் பெயரைக் கேட்டிருந்தால் அதற்குப் புள்ளி இல்லை.

பட்டியல் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் மேசையில் இருந்து யோசித்து எழுதும் ஒத்த சொற்கள் ஆசிரியரின் சொற்கள். "அள்ளிக்கொண்டு போகும்", "விலத்தும்" என்று பிள்ளைகள் எழுதுவது நமக்கு முன்கூட்டித் தோன்றுவதில்லை. ஆகவே முதலில் ஒரு வரைவை எழுதுங்கள். பின்னர் மூன்று பாடசாலைகளிலிருந்தும் கெட்டிக்காரர், நடுத்தரம், பின்தங்கியவர் என்று கலந்து 20 விடைத்தாள்களை எடுத்து, இந்த ஒரு வினாவுக்கான விடைகளை மட்டும் வாசித்து, சரி, பிழை, ஐயம் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஐயப் பிரிவில் விழுந்தவை ஒவ்வொன்றுக்கும் ஏற்பு, மறுப்பு, பொருட்படுத்தாமை என்ற மூன்றில் ஒரு தீர்ப்பை எழுதினால் திட்டம் பெரும்பாலும் நிறைவுபெற்றுவிடும். அதன் பிறகு இன்னொரு 10 விடைகளைப் பிரதி எடுத்து, மூவரும் ஒருவர் புள்ளியை ஒருவர் பாராமல் திருத்தி ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது சராசரியைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. ஒருவர் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு புள்ளி கூட்டியும் வேறு ஐவருக்கு ஒரு புள்ளி குறைத்தும் போட்டிருந்தால் சராசரி அச்சொட்டாக ஒன்றாகவே இருக்கும், ஆனால் பத்துப் பிள்ளைகளின் புள்ளியும் மாறியிருக்கும். விடைக்கு விடை ஒப்பிட்டு, வேறுபட்ட ஒவ்வொன்றிலும் திட்டத்தின் எந்த வரி இருவருக்கும் இரு விதமாகப் பட்டது என்று கேளுங்கள். எந்த வரியும் இல்லை என்பது விடையானால் அங்கே ஒரு புதிய வரி வேண்டும். வரி தெளிவாக இருந்தும் ஒருவர் கவனிக்கவில்லை என்பது விடையானால் திட்டத்தை நீட்ட வேண்டியதில்லை.

திருத்தும்போது ஒரு பிள்ளையின் தாளை முழுவதும் முடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகாமல், ஒரு வினாவை எல்லாத் தாள்களிலும் முடித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள். அந்த வினாவின் ஏற்பும் மறுப்பும் மனத்தில் ஒரே நிலையில் இருக்கும். முன் விடைகளை நன்றாக எழுதிய பிள்ளையின் மீது உண்டாகும் நல்லெண்ணமும் அடுத்த விடைக்குத் தொற்றாது. திட்டத்தில் இல்லாத விடை ஒன்று இடையில் வந்தால் பென்சிலால் குறியிட்டு ஒதுக்கிவைத்து, தொடரிலக்கத்தை மறைத்துப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பி, ஒருவரே தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். அத்தீர்ப்பு திகதியோடு திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். முன்னர் திருத்திய தாள்களில் அதே விடை இருந்ததா என்று திரும்பிப் பார்க்கவும் வேண்டும். பலர் சலித்து விட்டுவிடுவது இந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான். அதை விட்டால், கட்டின் மேலே இருந்த பிள்ளைக்கு ஒரு நீதியும் அடியில் இருந்த பிள்ளைக்கு வேறொரு நீதியும் கிடைக்கும். முழுக் கட்டும் முடிந்தபின், முதலில் திருத்திய ஐந்து தாள்களின் புள்ளிகளை மறைத்து மீண்டும் திருத்திப் பார்த்தால், இடையில் நம் கை இறுகியதா தளர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

"இக்கருத்தைத் தரும் வேறு சொற்களையும் ஏற்க" என்ற வரியைப் பலர் எல்லா வினாவுக்கும் கீழே எழுதுகிறார்கள். விளக்கம் கேட்கும் வினாக்களில் அது தேவை; கூறு 1 இல் நிகழ்வைச் சொல்லும் தொகுதிக்குப் பக்கத்தில் அதைத் தாராளமாக எழுதலாம், ஏனெனில் அகற்றப்படுதலைச் சொல்லத் தமிழில் எண்ணற்ற வினைகள் உண்டு. பெயர் கேட்கும் வினாக்களிலும், திசையைச் சொல்லும் இடங்களிலும் அதை எழுதாதீர்கள். அங்கே அந்த வரி, திட்டம் தீர்க்க வேண்டியதைத் திருத்துபவரின் தலையில் மீண்டும் சுமத்திவிடுகிறது. மேலும் இம்முறை 1 முதல் 3 புள்ளி வரையான விடைகளுக்கே நன்றாகப் பொருந்தும். காரணங்களைத் தொடர்ச்சியாகக் கோத்து எழுத வேண்டிய நீண்ட விடையைக் கூறுகளாக நறுக்கினால், தொடர்பே இல்லாமல் உண்மைகளை அடுக்கிய பிள்ளையும் முழுப் புள்ளி பெற்றுவிடும். அத்தகைய விடைகளுக்குத் தரநிலை விளக்கங்களைக் கொண்ட வேறு திட்டம் எழுத வேண்டும்.

திருத்தி முடிந்ததும் சேர்க்கைகள் எழுதிய அந்தத் திட்டத்தை வீசிவிடாமல் வினாத்தாளோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்த தவணைக்கு வினா எழுதும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அதிலுள்ள மறுப்புப் பட்டியலை. எங்கள் பட்டியலில் "காற்று நீரை உறிஞ்சும்" என்பது பல பாடசாலைப் பிள்ளைகளின் தாள்களிலும் வந்திருந்தது; மறு தவணையில் அதையே பல்தேர்வு வினா ஒன்றின் பிழையான தெரிவாக வைத்தோம், அதற்கு முன்னர் வகுப்பில் அந்தப் பாடத்தை மீண்டும் ஒருமுறை நடத்தவும் செய்தோம்.